நான்கு எண்களின் கணக்கு: வகைப்படுத்தியை எடைபோடும் அட்டவணை

1884 ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களில், அமெரிக்க இராணுவத்தின் சிக்னல் படையைச் சேர்ந்த ஜான் பார்க் ஃபின்லி ஒரு துணிச்சலான சோதனையை நடத்தினார். ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள நிலப்பரப்பை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் டொர்னாடோ என்னும் சுழல்காற்று வீசுமா, வீசாதா என்று முன்கூட்டியே சொல்லிவந்தார். மொத்தம் 2,803 முன்னறிவிப்புகள். அவற்றில் 2,708 பலித்தன. நூற்றுக்கு 96.6 சரி என்பது அவர் வெளியிட்ட முடிவு.

அதே ஆண்டிலேயே ஜி. கே. கில்பர்ட் என்ற புவியியலாளர் ஓர் எளிய கணக்கைப் போட்டுக் காட்டினார். ஃபின்லி வானத்தையே பாராமல், எல்லா வட்டாரத்துக்கும் எல்லா நாளும் "வீசாது" என்று மட்டும் சொல்லியிருந்தால் 2,752 முறை பலித்திருக்கும். அது நூற்றுக்கு 98.2. உழைத்துக் கணித்தவரைவிட, எதையும் கணிக்காதவர் மேலான மதிப்பெண் பெறுகிறார். அப்படியானால் கோளாறு முன்னறிவிப்பில் இருக்கிறதா, மதிப்பெண் போட்ட முறையில் இருக்கிறதா?

இன்று ஸ்பேம் செய்தியைப் பிரிக்கும் நிரலும், புற்றுநோய்க் கட்டியைத் தீங்கற்ற கட்டியிலிருந்து பிரிக்கும் நிரலும், மோசடிப் பரிவர்த்தனையைத் தேடும் வங்கி நிரலும் இதே கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கான கருவி, குழப்ப அணி எனப்படும் கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ் அட்டவணை. அதை எப்படிக் கட்டுவது, அதிலிருந்து பிரிசிஷனும் ரீகாலும் எப்படிப் பிறக்கின்றன, எங்கெங்கே அது நம்மை ஏமாற்றும் என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. விகிதங்கள் எத்தனை வந்தாலும், அவற்றுக்கு அடியில் இருக்கும் நான்கு எண்களே அடிப்படைச் சான்று என்பதே இதன் வாதம்.

ஃபின்லியின் அட்டவணை

ஃபின்லியின் 2,803 முன்னறிவிப்புகளையும் இரண்டு கேள்விகளால் பிரிக்கலாம். அவர் என்ன சொன்னார்? உண்மையில் என்ன நடந்தது? ஒவ்வொன்றுக்கும் இரண்டே பதில்கள். ஆகவே நான்கு கட்டங்கள்.

| | உண்மையில் வீசியது | உண்மையில் வீசவில்லை | மொத்தம் |
|---|---|---|---|
| "வீசும்" என்றார் | 28 | 72 | 100 |
| "வீசாது" என்றார் | 23 | 2,680 | 2,703 |
| மொத்தம் | 51 | 2,752 | 2,803 |

இடமேல் கட்டத்தில் உள்ள 28, "வீசும்" என்று சொல்லி வீசியவை. இதை ட்ரூ பாசிட்டிவ் என்கிறோம். அதற்கு வலப்பக்கம் உள்ள 72, "வீசும்" என்று சொல்லி வீசாமல் போனவை. இவை ஃபால்ஸ் பாசிட்டிவ், வீண் எச்சரிக்கைகள். கீழே இடப்பக்கம் உள்ள 23, "வீசாது" என்று சொல்லியும் வீசியவை. இவை ஃபால்ஸ் நெகட்டிவ், தவறவிட்டவை. கடைசிக் கட்டத்தில் உள்ள 2,680 ட்ரூ நெகட்டிவ், அதாவது "வீசாது" என்று சொல்லி அப்படியே அமைதியாகக் கழிந்தவை.

பெயரின் இரண்டாம் பாதி, கணித்தவர் என்ன சொன்னார் என்பதைக் குறிக்கிறது. முதல் பாதி, அந்தச் சொல் பலித்ததா இல்லையா என்பதைக் குறிக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் ஃபால்ஸ் நெகட்டிவ் எது, ஃபால்ஸ் பாசிட்டிவ் எது என்று தடுமாறும்போது இந்த ஒரு விதி போதும்.

இப்போது 96.6 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 28 உடன் 2,680 ஐக் கூட்டி, 2,803 ஆல் வகுத்த எண் அது. தொகுதியில் இருப்பது கிட்டத்தட்ட முழுவதும் அமைதியாகக் கழிந்த நாள்களின் எண்ணிக்கைதான். யாருமே எதிர்பார்க்காத இடத்தில் சுழல்காற்று வீசாமல் இருந்ததற்கெல்லாம் ஃபின்லிக்கு மதிப்பெண் சேர்ந்திருக்கிறது. நாம் அறிய விரும்புவதோ வேறு இரண்டு. அவர் எச்சரித்தபோது எத்தனை முறை உண்மையாக வீசியது? 100 க்கு 28. இது பிரிசிஷன், 0.28. வீசியவற்றில் எத்தனையை அவர் முன்பே சொன்னார்? 51 க்கு 28. இது ரீகால், ஏறத்தாழ 0.55. வீசிய சுழல்காற்றுகளில் பாதிக்கு மேல் முன்னறிந்தார். ஆனால் அவரது எச்சரிக்கைகளில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவை வீணாயின. அந்தக் காலத்து வசதிகளைக் கொண்டு பார்த்தால் இது எளிய சாதனை இல்லை. 96.6 என்ற எண் அவரது குறையை மறைத்தது. அவரது உண்மையான திறமையையும் சேர்த்தே மறைத்துவிட்டது.

எப்போதும் "வீசாது" என்பவருக்கு ரீகால் 0. அவரது பிரிசிஷனைக் கணக்கிடவே முடியாது, ஏனென்றால் அவர் ஒரு முறைகூட எச்சரிக்கவில்லை. 0 ஐ 0 ஆல் வகுக்க வேண்டியிருக்கும். கில்பர்ட் காட்டிய கற்பனைக் கணிப்பாளர் இந்த இரண்டு எண்களுக்கு முன் நிற்க முடியாமல் போகிறார்.

அட்டவணையைக் கட்டுவது

இனி ஒரு வகைப்படுத்தியை எடுத்துக்கொள்வோம். ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் குறுஞ்செய்தித் தொகுப்பு ஒன்றில் 5,574 ஆங்கிலச் செய்திகள் உள்ளன. 747 ஸ்பேம், மீதி 4,827 இயல்பான செய்திகள். எல்லாவற்றையும் "இயல்பானது" என்று சொல்லும் நிரலே இங்கு 86.6 விழுக்காடு சரியாகிவிடும் என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். எந்த மாதிரியையும் மதிப்பிடும் முன் இந்த அடிமட்ட எண்ணைப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

முதல் வேலை, தரவைப் பிரிப்பது. நிரல் எந்தச் செய்திகளைப் பார்த்துக் கற்றதோ அவற்றைக் கொண்டு அட்டவணை கட்டக் கூடாது. மேலே சொன்னது போன்ற தொகுப்புகளில் ஒரே செய்தி எழுத்து மாறாமல் பல முறை இடம்பெறுவதுண்டு. அதன் ஒரு பிரதி பயிற்சிப் பக்கத்திலும் மற்றொன்று சோதனைப் பக்கத்திலும் விழுந்தால், நிரல் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும். அட்டவணையில் அது ட்ரூ பாசிட்டிவாகப் பதிவாகும். எனவே நகல்களை நீக்கிய பிறகே பிரிக்க வேண்டும்.

இரண்டாம் வேலை, சோதனைப் பக்கத்தின் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு சொற்களை அருகருகே வைப்பது: மனிதர் இட்ட உண்மைப் பெயர், நிரல் சொன்ன பெயர். மூன்றாவது, எந்த வகையை "பாசிட்டிவ்" என்று கொள்கிறோம் என்பதை எழுத்தில் அறிவிப்பது. தேடப்படும் பொருள் எதுவோ அதுவே பாசிட்டிவ், இங்கே ஸ்பேம். அதன்பின் எண்ணுவது மட்டுமே மிச்சம்.

```python
def count_cells(y_true, y_pred, pos):
    tp = fp = fn = tn = 0
    for t, p in zip(y_true, y_pred):
        if p == pos and t == pos:
            tp += 1
        elif p == pos:
            fp += 1
        elif t == pos:
            fn += 1
        else:
            tn += 1
    return tp, fp, fn, tn
```

நூலகங்கள் இதை ஒரே வரியில் செய்துதரும். ஆனால் ஒரு முறையாவது இப்படிக் கையால் எண்ணிப் பார்த்தவருக்கு நூலகத்தின் விடையைச் சரிபார்க்கத் தெரியும். சரிபார்ப்பும் எளிது. நான்கு எண்களின் கூட்டல், சோதனைச் செய்திகளின் மொத்தத்துக்குச் சமமாக வேண்டும். `tp + fn` உண்மையான ஸ்பேம்களின் எண்ணிக்கைக்கும், `tp + fp` நிரல் ஸ்பேம் என்று சொன்னவற்றின் எண்ணிக்கைக்கும் சமமாக வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் எங்கோ பெயர்கள் இடம் மாறியிருக்கின்றன, அல்லது `Spam`, `spam` என்று இரு வகையாக எழுதப்பட்ட பெயர்கள் தனித்தனி வகைகளாக எண்ணப்பட்டிருக்கின்றன.

பிறகு இரண்டு வாய்பாடுகள்:

```
precision = tp / (tp + fp)
recall    = tp / (tp + fn)
```

இரண்டிலும் மேலே இருப்பது `tp`. கீழே சேர்வதுதான் வேறு. பிரிசிஷன் நிரலின் சொல்லை வகுக்கும் எண்ணாகக் கொள்கிறது. ரீகால் உண்மையை வகுக்கும் எண்ணாகக் கொள்கிறது. `tn` இரண்டிலும் இல்லை. ஃபின்லியின் கணக்கை ஊதிப் பெருக்கிய அந்த 2,680 இங்கே நுழைய வழியே இல்லை.

எது பாசிட்டிவ் என்ற கேள்வி

நடைமுறையில் மிக அதிகமாகத் தவறு நேரும் இடம் வாய்பாடு இல்லை, அட்டவணையின் திசை. ஃபின்லியின் அட்டவணையை மேலே எழுதியபோது அவர் சொன்னதை வரிசைகளிலும் நடந்ததை நெடுவரிசைகளிலும் வைத்தோம். R மொழியின் `caret` தொகுப்பும் அப்படித்தான் வைக்கிறது. பைத்தானின் `scikit-learn` அதற்கு நேர்மாறு: உண்மை வரிசையில், கணிப்பு நெடுவரிசையில். ஒன்றில் பழகியவர் மற்றதைப் படித்தால் வீண் எச்சரிக்கையும் தவறவிட்டதும் இடம் மாறிவிடும். அவற்றோடு பிரிசிஷனும் ரீகாலும் இடம் மாறும். இரண்டு எண்களும் 0 க்கும் 1 க்கும் இடையில்தான் இருக்கும் என்பதால் பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் சந்தேகம் வராது.

வகைகளின் வரிசையிலும் இதே ஆபத்து. `scikit-learn` பெயர்களை அகர வரிசைப்படியும் எண் வரிசைப்படியும் அடுக்குகிறது. எண்களாக இருந்தால் 1 என்பதைப் பாசிட்டிவாக எடுத்துக்கொள்கிறது. `caret` முதல் வகையைப் பாசிட்டிவாக எடுத்துக்கொள்கிறது. `ham`, `spam` என்ற இரு பெயர்களில் முதலில் வருவது `ham`. ஆகவே நாம் எதுவும் சொல்லாவிட்டால் `caret` தரும் எண்கள், ஸ்பேமைப் பிடிப்பதில் நிரல் எவ்வளவு வல்லது என்பதைச் சொல்லாமல், இயல்பான செய்தியை விட்டுவைப்பதில் எவ்வளவு வல்லது என்பதைச் சொல்லும். அந்தத் தொகுப்பு தன் அறிக்கையின் அடியில் எது பாசிட்டிவ் வகை என்று அச்சிடுகிறது. அந்தக் கடைசி வரியைப் படிக்காமல் மேலே உள்ள எண்களைப் படிக்கக் கூடாது.

இதன் விளைவு எவ்வளவு தீவிரமாகலாம் என்பதற்கு விஸ்கான்சின் மார்பகப் புற்றுநோய்த் தரவே போதுமான சான்று. 569 கட்டிகளின் அளவீடுகள் கொண்ட தொகுப்பு அது. 212 புற்றுநோய்க் கட்டிகள், 357 தீங்கற்றவை. `scikit-learn` உடனேயே வரும் இந்தத் தரவில் புற்றுநோய்க்கு 0 என்றும் தீங்கற்றதற்கு 1 என்றும் குறியிட்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மாணவர்களின் முதல் பயிற்சி இதில்தான் நடக்கிறது. இந்தக் குறியீட்டைக் கவனிக்காதவர், நூலகத்தின் முன்னிருப்பு அமைப்பை அப்படியே விட்டால், தீங்கற்ற கட்டியே பாசிட்டிவாகிவிடும்.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். தரவில் கால் பங்கைச் சோதனைக்கு ஒதுக்கியதில் 143 கட்டிகள் கிடைத்தன என்றும், அவற்றில் 53 புற்று, 90 தீங்கற்றவை என்றும் கொள்வோம். ஒரு நிரல் இப்படி விடை தந்ததாக வைத்துக்கொள்ளலாம்:

| | நிரல்: புற்று (0) | நிரல்: தீங்கற்றது (1) |
|---|---|---|
| உண்மை: புற்று (0) | 48 | 5 |
| உண்மை: தீங்கற்றது (1) | 1 | 89 |

முன்னிருப்பு அமைப்பில் ரீகால் கேட்டால் 90 க்கு 89, அதாவது 98.9 விழுக்காடு என்று திரையில் வரும். படிப்பவர், நூற்றில் 99 புற்றுநோய்கள் பிடிபடுகின்றன என்று புரிந்துகொள்வார். உண்மையில் பிடிபட்டவை 53 க்கு 48, 90.6 விழுக்காடுதான். புற்று இருந்தும் "தீங்கற்றது" என்று வீட்டுக்கு அனுப்பப்படக்கூடிய ஐந்து பேர், அட்டவணையில் ஃபால்ஸ் பாசிட்டிவ் என்ற பெயரில் ஒளிந்திருக்கிறார்கள். மருத்துவர் தேடும் ஃபால்ஸ் நெகட்டிவ் கட்டத்திலோ 1 என்ற நிம்மதியூட்டும் எண் நிற்கிறது.

திருத்துவதற்கு அதிக வேலை இல்லை. வகைகளின் வரிசையை நாமே சொல்லிவிட வேண்டும். தேடப்படும் வகை இரண்டாவதாக வர வேண்டும்.

```python
cm = confusion_matrix(y_true, y_pred, labels=[1, 0])
tn, fp, fn, tp = cm.ravel()
recall = recall_score(y_true, y_pred, pos_label=0)
```

இப்போது `tp` 48, `fn` 5, `fp` 1, `tn` 89 என்று சரியான இடங்களில் வந்து அமரும். ரீகால் 0.906. பிரிசிஷன் 49 க்கு 48, அதாவது 0.980. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது, நாம் கேட்ட கேள்வி.

வெட்டுக்கோடு நகரும்போது

பெரும்பாலான வகைப்படுத்திகள் நேராக "ஸ்பேம்" என்று சொல்வதில்லை. 0 க்கும் 1 க்கும் இடையே ஒரு மதிப்பெண்ணைத் தருகின்றன; எந்த மதிப்பெண்ணுக்கு மேல் ஸ்பேம் என்று கொள்வது என்பதை முடிவு செய்பவர் நாம். 0.5 என்பது வழக்கத்தால் வந்த எண்ணே தவிர அதற்குத் தனிப் புனிதம் எதுவும் கிடையாது. ஆகவே ஒரு வகைப்படுத்திக்கு ஒரே ஓர் அட்டவணை என்று ஒன்று இல்லை. வெட்டுக்கோடு நகரும்போதெல்லாம் புதிய அட்டவணை பிறக்கிறது.

விளக்கத்துக்காகப் பத்துச் செய்திகளை எடுத்து, மதிப்பெண் இறங்கு வரிசையில் அடுக்கிவைப்போம்.

| மதிப்பெண் | உண்மை |
|---|---|
| 0.97 | ஸ்பேம் |
| 0.92 | ஸ்பேம் |
| 0.85 | இயல்பு |
| 0.80 | ஸ்பேம் |
| 0.62 | ஸ்பேம் |
| 0.55 | இயல்பு |
| 0.41 | ஸ்பேம் |
| 0.30 | இயல்பு |
| 0.22 | இயல்பு |
| 0.08 | இயல்பு |

வெட்டுக்கோட்டை 0.9 இல் வைத்தால் மேலே இருப்பவை இரண்டே செய்திகள், இரண்டும் ஸ்பேம். பிரிசிஷன் 1.0. ஆனால் மொத்தம் ஐந்து ஸ்பேம்களில் இரண்டுதான் பிடிபட்டன, ரீகால் 0.4. கோட்டை 0.5 க்கு இறக்கினால் ஆறு செய்திகள் மேலே வரும். நான்கு ஸ்பேம், இரண்டு இயல்பு. பிரிசிஷன் 0.67, ரீகால் 0.8. இன்னும் இறக்கி 0.4 இல் வைத்தால் ஏழு செய்திகள். ஐந்து ஸ்பேம்களும் பிடிபடுகின்றன. ரீகால் 1.0, பிரிசிஷன் 0.71.

கடைசி அடியை நின்று பார்க்க வேண்டும். கோட்டை இறக்கினால் பிரிசிஷன் குறையும், ரீகால் ஏறும் என்று பாடப்புத்தகங்கள் சுருக்கமாகச் சொல்வதுண்டு. ரீகாலைப் பொறுத்தவரை அது எப்போதும் உண்மை: கோடு இறங்கினால் ரீகால் கூடும், அல்லது அப்படியே நிற்கும், ஒருபோதும் குறையாது. பிரிசிஷனுக்கு அந்த உறுதி கிடையாது. இங்கே 0.67 இலிருந்து 0.71 ஆக ஏறியிருக்கிறது, ஏனென்றால் புதிதாக உள்ளே வந்த ஒரே செய்தி ஸ்பேம். பொதுவாக இறங்குமுகம் கொண்டதென்றாலும், பிரிசிஷன் வழியில் ஏறி இறங்கித்தான் செல்லும். எனவே தோராயமாக ஒரு கோட்டைத் தேர்ந்தெடுப்பதைவிட, எல்லா மதிப்பெண்களிலும் அட்டவணையைக் கணக்கிட்டுப் பார்த்துத் தேர்வதே சரி.

அந்தத் தேர்வை எதைக் கொண்டு செய்வது? தவறின் விலையைக் கொண்டு. இயல்பான செய்தி ஸ்பேம் பெட்டிக்குள் போய்விட்டால் ஒருவர் நேர்காணல் அழைப்பை இழக்கலாம்; ஒரு ஸ்பேம் உள்ளே வந்துவிட்டால் அதை அழிக்கச் சில நொடிகள்தான் ஆகும். அங்கே பிரிசிஷனுக்கு முதலிடம். புற்றுநோய்ப் பரிசோதனையில் நிலைமை நேர் எதிர். வீண் எச்சரிக்கைக்கு மறுபரிசோதனையின் செலவும் மன உளைச்சலும் விலை, தவறவிட்டதற்கு உயிரே விலையாகலாம். அங்கே ரீகாலுக்கு முதலிடம். இந்த முடிவைத் தரவு எடுக்காது. அந்தத் துறையை அறிந்தவர்கள் எடுக்க வேண்டும், அதையும் சோதனைத் தரவைத் தொடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். கோட்டை நகர்த்தி நகர்த்திச் சோதனைத் தரவிலேயே நல்ல எண்ணைக் கண்டுபிடித்து, அதே எண்ணை முடிவாக வெளியிடுவது, விடைத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவதற்குச் சமம். கோட்டைத் தேர்வதற்கென்று தனியாக ஒரு பங்குத் தரவை ஒதுக்குவதே முறை.

அரிதானதைத் தேடும்போது

பிரிசிஷனிடம் இன்னொரு குணம் உண்டு. தேடப்படும் பொருள் எவ்வளவு அரிதானது என்பதைப் பொறுத்து அது மாறும். ரீகால் அப்படி மாறாது.

மோசடிப் பரிவர்த்தனைகளைத் தேடும் ஒரு நிரல், மோசடிகளில் நூற்றுக்கு 90 ஐப் பிடிக்கிறது என்றும், நேர்மையான பரிவர்த்தனைகளில் நூற்றுக்கு 5 ஐத் தவறாகச் சந்தேகிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தில் 100 மோசடிகளையும் 100 நேர்மையானவற்றையும் சமமாக எடுத்துச் சோதிக்கிறார்கள். 90 மோசடிகள் பிடிபடுகின்றன, 5 நேர்மையானவை சிக்குகின்றன. பிரிசிஷன் 95 க்கு 90, அதாவது 94.7 விழுக்காடு. அதே நிரலை வங்கியில் நிறுவுகிறார்கள். அங்கே 10,000 பரிவர்த்தனைகளில் 100 தான் மோசடி. இப்போதும் 90 மோசடிகள் பிடிபடுகின்றன. ஆனால் 9,900 நேர்மையானவற்றில் நூற்றுக்கு 5 என்றால் 495 வீண் எச்சரிக்கைகள். பிரிசிஷன் 585 க்கு 90, வெறும் 15.4 விழுக்காடு. எச்சரிக்கைகளைச் சரிபார்க்க அமர்ந்திருக்கும் ஊழியர், ஆறு வாடிக்கையாளர்களை அழைத்தால் அவர்களில் ஒருவரிடமாவது மோசடி நடந்திருக்கும் என்ற உறுதியில்லை.

நிரல் கெட்டுப்போகவில்லை. அதன் ரீகால் இரண்டு இடத்திலும் 0.90 தான். சோதனைத் தரவின் கலவை மட்டுமே மாறியிருக்கிறது. அரிதான வகையைக் கற்பிப்பதற்காகப் பயிற்சித் தரவைச் சமப்படுத்துவது நல்ல உத்தி. சோதனைத் தரவையும் சேர்த்துச் சமப்படுத்திவிட்டு அந்தப் பிரிசிஷனை வெளியிடுவது பிழை. ஒரு கட்டுரையிலோ விளம்பரத்திலோ உயர்ந்த பிரிசிஷனைப் பார்த்தால், சோதனையில் பாசிட்டிவ்களின் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். நான்கு எண்களும் கையில் இருந்தால், உங்கள் ஊரின் கலவைக்கு ஏற்ப மேலே செய்தது போல நீங்களே மறுகணக்குப் போடலாம். பிரிசிஷனும் ரீகாலும் மட்டும் தரப்பட்டு, கலவை சொல்லப்படாவிட்டால் அது முடியாது.

ஒற்றை எண்ணின் ஆசை

இரண்டு எண்களை ஒப்பிடுவது கடினம் என்பதால் ஒன்றாக்கும் முயற்சி தொடக்கத்திலேயே வந்துவிட்டது. கில்பர்ட் 1884 இலேயே ஒன்றை முன்வைத்தார்: ட்ரூ பாசிட்டிவை, ட்ரூ நெகட்டிவ் நீங்கலான மற்ற மூன்று கட்டங்களின் கூட்டலால் வகுப்பது. ஃபின்லிக்கு 123 க்கு 28, அதாவது 0.23. இன்று பரவலாக உள்ள F1, பிரிசிஷன் ரீகால் இரண்டின் இசைச் சராசரி. ஃபின்லிக்கு அது 0.37. எண்கள் வேறாகத் தோன்றினாலும் ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிடலாம். கில்பர்ட்டின் எண் கூடினால் F1 உம் கூடும். இரு கணிப்பாளர்களை வரிசைப்படுத்த இரண்டும் எப்போதும் ஒரே விடையைத் தரும்.

தத்துவஞானியும் தருக்கவியலாளருமான சார்லஸ் பியர்ஸ் அதே ஆண்டில் வேறொரு வழியைச் சொன்னார். ரீகாலிலிருந்து வீண் எச்சரிக்கை விகிதத்தைக் கழிப்பது. ஃபின்லிக்கு 51 க்கு 28 இலிருந்து 2,752 க்கு 72 ஐக் கழித்தால் ஏறத்தாழ 0.52. எதுவும் கணிக்காதவருக்கு இந்த அளவுகோலில் 0 கிடைக்கும். எப்போதும் "வீசும்" என்று கூச்சலிடுபவருக்கும் 0 தான். இது கில்பர்ட்டின் அளவைவிட நியாயமானதா? அமைதியான நாள்கள் இவ்வளவு பெருகிக் கிடக்கும்போது 72 வீண் எச்சரிக்கைகள் 2,752 இல் கரைந்துபோய், பியர்ஸின் எண் கிட்டத்தட்ட ரீகாலாகவே ஆகிவிடுகிறது. எச்சரிக்கையை நம்பிக் கடையடைத்தவருக்கு அந்த 72 கரைந்துபோகவில்லை.

ஒரே அட்டவணைக்கு 0.97, 0.52, 0.37, 0.23 என்று நான்கு மதிப்பெண்கள் கிடைத்துவிட்டன. எல்லாமே சரியான கணக்குதான். எந்தத் தவறுக்கு எவ்வளவு எடை என்பதில் மட்டும் வேறுபடுகின்றன. ஒற்றை எண்ணைத் தேர்வது என்பது அந்த எடையைத் தேர்வதே. ஆனால் எண்ணைப் படிப்பவருக்கு எடை கண்ணில் படாது.

பல வகைகள், சில எண்ணிக்கைகள்

வகைகள் இரண்டுக்கு மேல் போனாலும் அட்டவணை அதே கருத்தில்தான் விரிகிறது. 1955 இல் ஜார்ஜ் மில்லரும் பேட்ரிசியா நைஸ்லியும் ஆங்கில மெய்யொலிகள் 16 ஐ இரைச்சலில் ஒலிக்கச் செய்து, கேட்பவர் எதை எதுவாக எடுத்துக்கொள்கிறார் என்று 16 க்கு 16 அட்டவணைகளாகப் பதிந்தார்கள். அங்கே பயன்மிகு செய்தி மூலைவிட்டத்துக்கு வெளியே இருக்கிறது: எந்த ஒலி எந்த ஒலியோடு குழம்புகிறது என்பதில். தமிழ்க் கையெழுத்தை அறியும் நிரலுக்கும் இது பொருந்தும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இடையே ஒரு சிறு கோடே வேறுபாடு. மொத்தச் சரிவிழுக்காடு அதைச் சொல்லாது, ஒன்றின் வரிசையும் மற்றதன் நெடுவரிசையும் சந்திக்கும் கட்டம் சொல்லிவிடும். ஒவ்வொரு எழுத்துக்கும் தனி ரீகால் வேண்டுமென்றால், அதன் மூலைவிட்ட எண்ணை உண்மை வரிசையின் கூட்டலால் வகுக்க வேண்டும். பிரிசிஷனுக்குக் கணிப்பு நெடுவரிசையின் கூட்டலால் வகுக்க வேண்டும்.

வகைகள் கூடக்கூட ஒவ்வொரு கட்டத்திலும் விழும் எண்ணிக்கை சிறுத்துப்போகும். சிறிய எண்ணிக்கையிலிருந்து வரும் விகிதத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வி அப்போது எழுகிறது. புற்றுநோய் எடுத்துக்காட்டில் 53 க்கு 48 என்பதை 0.906 என்று மூன்று இலக்கத்தில் எழுதினோம். வில்சன் முறையில் 95 விழுக்காடு நம்பக இடைவெளியைக் கணக்கிட்டால் அது சுமார் 0.80 முதல் 0.96 வரை விரிகிறது. 53 பேரைக் கொண்டு இதைவிடக் கறாராக எதுவும் சொல்ல முடியாது. போட்டி நிரல் ஒன்று அதே 53 இல் 50 ஐப் பிடித்தால், அது மேலானது என்று அந்த இரண்டு கட்டிகளை வைத்து முடிவுகட்டுவது அவசரம். 48/53 என்று பின்னமாகவே அச்சிட்டிருந்தால் படிப்பவர் இதைத் தானே உணர்வார். 90.6% என்று அச்சிட்டால் 53 என்ற சிறிய எண் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது.

முடிவாக

கில்பர்ட்டும் பியர்ஸும் ஃபின்லியின் கணக்கை மறுகணக்குப் போட முடிந்ததற்கு ஒரே காரணம்தான். முன்னறிவிப்புகளின் எண்ணிக்கைகள் அச்சில் இருந்தன. 96.6 என்ற விழுக்காடு மட்டும் வெளிவந்திருந்தால், அதை மறுக்கவோ, அவரிடம் இருந்த உண்மையான திறமையை மீட்டெடுக்கவோ ஒருவராலும் முடிந்திருக்காது.

எனவே வகைப்படுத்தி ஒன்றை மதிப்பிட்டு எழுதும் ஒவ்வொருவரும் குறைந்தது ஐந்து செய்திகளைத் தர வேண்டும்: நான்கு கட்டங்களின் எண்ணிக்கைகள், வரிசையும் நெடுவரிசையும் எதைக் குறிக்கின்றன என்பது, பாசிட்டிவ் வகையின் பெயர், வெட்டுக்கோட்டின் மதிப்பும் அதைத் தேர்ந்த தரவும், சோதனையில் பாசிட்டிவ்களின் பங்கு பயன்பாட்டுக் களத்தின் பங்கை ஒத்ததா என்பது. இவை அரைப் பக்கத்தில் அடங்கும். பிரிசிஷன், ரீகால், F1 எல்லாவற்றையும் படிப்பவர் இதிலிருந்து தாமே கணக்கிட்டுக்கொள்வார். அந்த அரைப் பக்கம் இல்லாமல் வரும் மதிப்பீட்டை, அதன் விழுக்காடு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், நிரூபிக்கப்பட்டதாக ஏற்க வேண்டியதில்லை.